வலை இருந்தும் கோழி போனது எப்படி? நாய், கீரி, பாம்பைத் தடுக்கும் எளிய கூண்டு... தாம்பரம் புறநகருக்கு ஒரு வழிகாட்டி!

காலையில் கூண்டைத் திறந்தால் ஏழு கோழிகள் செத்துக் கிடக்கின்றன. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. சுற்றிலும் இறகு. வலையின் கீழ் மூலை பிய்ந்து வெளிப்பக்கம் மடங்கியிருக்கிறது. 'ராத்திரி நாய் குரைச்சுது, எழுந்து பார்க்கலை' என்பார்கள் வீட்டில். 'வலை போட்டுத்தானே இருந்தோம்?' என்ற கேள்வி அடுத்து வரும்.

பெருங்களத்தூர், முடிச்சூர், மண்ணிவாக்கம், அகரம்தென், மாடம்பாக்கம் என தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனையில் வீடு கட்டி, பின்பக்கம் பத்து நாட்டுக்கோழியும் ஒன்றிரண்டு ஆடும் வளர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் வண்டலூர் காப்புக்காடு, இந்தப் பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு, கிழக்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம், நடுவில் ஏரிகளும் இன்னும் வீடு கட்டாத புதர் மண்டிய காலி மனைகளும். கீரிக்கும் பாம்புக்கும் மரநாய்க்கும் ஒளிய இடம் இருக்கிறது. தெருவில் நாய்க்கூட்டமும் இருக்கிறது. கிராமத்தில் கோழிக்கு இருக்கும் அத்தனை எதிரிகளும் இங்கேயும் உண்டு. கிராமத்தில் இருக்கும் திண்ணைக் காவல் மட்டும் இங்கே இல்லை.

இவற்றை விரட்டவோ கொல்லவோ தேவையில்லை. சட்டமும் அதற்கு இடம் தராது. கீரி, நல்ல பாம்பு, சாரைப்பாம்பு, காட்டுப்பூனை எல்லாமே 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. தெருநாய்க்கு விஷம் வைப்பதும் குற்றம்தான். நம் கையில் இருப்பது கூண்டு மட்டுமே. அதைச் சரியாகக் கட்டினால் போதும்.

முதலில், வந்தது யார்?

கோழி போன காலையில் உடனே கூட்டிப் பெருக்கிவிடக் கூடாது. இழப்பு நடந்த விதத்தைப் பார்த்தால் வந்த ஆள் யார், எந்த வழியாக வந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பல கோழிகள் ஒரே இரவில் செத்து, தின்னப்படாமல் சிதறிக் கிடந்தால் நாய். பசிக்காக மட்டும் நாய் கொல்வதில்லை. படபடவென்று இறக்கை அடிக்கும் எதையும் துரத்திக் கடிக்கும். ஆட்டுக்குட்டியாக இருந்தால் பின்னங்கால், தொடை, தொண்டைப் பகுதியில் கடி இருக்கும். கூண்டின் அடியில் மண் பறித்த தடமோ, கீழ் மூலையில் பிய்ந்த வலையோ இருக்கும்.

பட்டப்பகலில் கோழிக்குஞ்சு குறைந்தால் கீரியையோ காக்கை, பருந்தையோ சந்தேகிக்கலாம். கீரி பகலில் இரை தேடுவது. வளர்ந்த கோழியைப் பிடித்தால் தலையையும் கழுத்தையும்தான் கடித்திருக்கும். வேலிக்கு அடியில் உள்ள சின்னச் சந்தே அதற்கு வாசல்.

இரவில் ஒரே ஒரு கோழி மட்டும் காணாமல் போய், கொஞ்ச தூரத்தில் புதருக்குள் இறகு கிடந்தால் காட்டுப்பூனையாகவோ மரநாயாகவோ இருக்கலாம். மரநாய் மரம் ஏறும்; ஓட்டின் மேலும் நடக்கும். எனவே ஓட்டை தரையில் இருக்காது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில்தான் தேட வேண்டும்.

இறகும் இல்லை, ரத்தமும் இல்லை, முட்டையையோ குஞ்சையோ மட்டும் காணோம் என்றால் பாம்பு. முழுசாக விழுங்கிவிடும். சில சமயம் ஒரு கோழி காயமே இல்லாமல் செத்து, தலையும் கழுத்தும் ஈரமாக இருக்கும். விழுங்கிப் பார்த்து, முடியாமல் விட்டுப்போன அடையாளம் அது. பெருச்சாளியும் முட்டையை உருட்டிப் போகும், குஞ்சைத் தூக்கும். ஆனால், அது கூண்டின் மூலையில் வளைக்கு வாய் வைத்திருக்கும். தோண்டிய மண் குவிந்திருக்கும்.

சந்தேகம் தீரவில்லையா? மாலையில் கூண்டைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்குச் சலித்த மணலையோ அடுப்புச் சாம்பலையோ மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் தடம் பேசும். நாயின் காலடியில் நான்கு விரல்களும் நகமும் பதியும். பூனை இனத்தின் தடத்தில் நகம் பதியாது. கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல். பாம்பு போனால் கோடு மட்டும்தான்.

கோழி வலை கோழிக்குத்தான்... நாய்க்கு அல்ல!

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான். கடையில் 'கோழி வலை' என்று கேட்டால், மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னிய அறுகோண வலையைத் தருவார்கள். கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். வெளியே இருந்து நாய் வராமல் தடுக்க அது உதவாது. இரண்டு நாய்கள் மாறி மாறி இழுத்தால் முறுக்கு பிரிந்துவிடும். துருப்பிடித்த வலை என்றால் ஒரே இழுப்பு போதும். அதன் கண் பெரும்பாலும் ஒரு அங்குலத்துக்குக் குறையாது. எலியும் நடுத்தரப் பாம்பும் தாராளமாக நுழையலாம்.

ஒரு அங்குலக் கண் வழியாக நுழையும் பாம்பு இரண்டு முட்டையையோ ஒரு குஞ்சையோ விழுங்கிய பிறகு, வயிறு பருத்து அதே கண் வழியாக வெளியேற முடியாமல் உள்ளேயே சுருண்டுவிடும். காலையில் இருட்டில் முட்டை எடுக்கக் கைவிடும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ அது காத்திருக்கும். கோழி இழப்பைவிடப் பெரிய ஆபத்து இதுவே.

இதற்குத் தேவை, கம்பிகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் பற்றவைத்த 'வெல்டு மெஷ்'. அரை அங்குலக் கண், துத்தநாகப் பூச்சுடன் கேட்டு வாங்க வேண்டும். எலி நுழைய ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் சந்து போதும். அரை அங்குலம் என்பது ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். பெரிய பாம்பும் பெருச்சாளியும் அதில் நுழையாது. இப்போதுதான் முட்டையிலிருந்து வந்த பாம்புக்குட்டி நுழையலாம். அதனால் கோழியை விழுங்க முடியாது என்றாலும், அது விஷப்பாம்பின் குட்டியாக இருக்கலாம். எனவே, எந்தக் கூண்டாக இருந்தாலும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கைவிட வேண்டும்.

நினைவில் வைக்க எளிய வழி: கட்டைவிரல் நுழையும் இடத்தில் எலி நுழையும். எலி நுழைந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும்.

வலை எது என்பது போலவே அதை எந்தப் பக்கம் அடிக்கிறோம் என்பதும் முக்கியம். பலர் மரச்சட்டத்தின் உள்பக்கம் வலையை வைத்து ஆணி அடிப்பார்கள். வெளியே இருந்து நாய் முட்டும்போது ஒவ்வோர் ஆணியாகக் கழன்று வலை உள்ளே சாயும். வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் வைத்து 'யூ' ஆணி அடித்தால், நாய் முட்ட முட்ட வலை சட்டத்தின் மேலேயே அழுந்தும். பல்லால் பிடித்து இழுக்க விளிம்பு கிடைக்காதபடி, வலையின் ஓரத்தின் மேல் ஒரு ரீப்பர் கட்டையை வைத்து அடித்துவிட்டால் முடிந்தது. செலவு அதேதான், பலம் மட்டும் பல மடங்கு.

நைலான் வலை வேண்டாம். தரையோரம் நைலான் வலை கட்டினால் பாம்பு அதில் சிக்கி உயிரோடு தொங்கும். அதை விடுவிப்பது வீட்டுக்காரர் வேலை அல்ல.

இரவுக் கூண்டு: காலில் நிற்கட்டும்

ஒரு வீட்டைக் கணக்காக எடுத்துக்கொள்வோம். 12 கோழி, 2 தாய் ஆடு, 3 குட்டி. பின்பக்கம் சுமார் 20 அடிக்கு 20 அடி இடம்.

பகலில் மேயும் கோழிக்கு இரவில் தலைக்கு இரண்டு சதுர அடி இருந்தால் போதும். 12 கோழிக்கு 24 சதுர அடி. அதாவது 6 அடி நீளம், 4 அடி அகலம். இந்தப் பெட்டி தரையில் உட்காராமல் இரண்டரை அடி உயரக் கால்களில் நிற்க வேண்டும். கால் இருந்தால் நாய் மண்ணைப் பறித்துப் பயனில்லை. எச்சம் கீழே விழுந்துவிடும். அடியில் வெளிச்சம் படும். எது ஒளிந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

தாம்பரம் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. அந்த அளவு இல்லாவிட்டாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் காலி மனைகளில் தண்ணீர் நிற்கும். வளை நிரம்பியதும் பாம்பும் எலியும் மேடான, ஈரமில்லாத இடம் தேடி வரும். தரையோடு கட்டிய கூண்டும் அதன் பக்கத்தில் அடுக்கிய செங்கல்லும் விறகும்தான் அவற்றுக்கு முதல் புகலிடம். கால் வைத்த கூண்டின் அடி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். 'சும்மா கிடக்குதே' என்று பழைய ஓட்டையும் சாக்கையும் அடியில் தள்ளினால், கால் வைத்ததே வீண். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. பாம்பு காலில் ஏறும். அதைத் தடுப்பது கால் அல்ல, அரை அங்குல வலை.

வலைக் கணக்கு இது: பின்சுவரை மழைச்சாரலுக்காகத் தகரத்தால் அடைத்துவிட்டால், முன்பக்கமும் இரு பக்கவாட்டும் சேர்ந்து 14 அடி நீளம். நாலரை அடி உயரத்துக்கு 63 சதுர அடி. தரைக்கு 24 சதுர அடி. வெட்டும் மடிப்பும் சேர்த்து 100 சதுர அடி வாங்கினால் போதும். தரையில் வலை மேல் ரீப்பர் கட்டைகளை இடைவெளி விட்டுப் பரப்பினால் கோழியின் கால் நோகாது.

உள்ளே கோழி உட்காரும் கம்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வலையை ஒட்டிக் கம்பு வைத்தால், தூங்கும் கோழியின் காலையோ இறக்கையையோ பூனை வெளியிலிருந்தே நகத்தால் இழுத்துக் கடிக்கும். கூண்டு உடையாது, கோழி மட்டும் ஊனமாகும். கம்பு வலையிலிருந்து குறைந்தது ஒரு அடி உள்ளே இருக்க வேண்டும். ஒரு கோழிக்கு அரை அடிக்குக் கொஞ்சம் மேல் என்று, 12 கோழிக்கு 4 அடிக் கம்பு இரண்டு குறுக்கே போட்டால் சரியாக இருக்கும்.

கூரைக்கு ஓலை குளிர்ச்சி. ஆனால், ஓலைக்குள் எலி குடியேறும். பின்னாலேயே சாரை வரும். சிமென்ட் ஷீட்டோ தகரமோ போட்டு, மேலே சுண்ணாம்பு அடித்துவிடலாம். ஷீட்டின் அலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் விழும் சந்துகளைத் துண்டு வலையால் அடைக்க வேண்டும். மரநாயின் வழி அதுதான். இங்கே பயத்தில் இன்னொரு தவறு நடக்கும். ஒரு தடவை கோழி போனதும், நாலு பக்கமும் தகரம் அடித்து மூடிவிடுவார்கள். சித்திரை வெயிலில், காற்றே இல்லாத தகரப் பெட்டிக்குள் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். எதிரியே இல்லாமல் சாகும். மூன்று பக்கம் வலை என்பது அதனால்தான்.

கதவும் கடிகாரமும்

கூண்டின் பலவீனமான இடம் எப்போதும் கதவுதான். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி இருக்கட்டும். அப்போது நாய் தள்ளினால் கதவு இன்னும் இறுக மூடும். ஒரே ஒரு தாழ்ப்பாளை நடுவில் வைத்தால், கீழ் மூலை வளைந்து சந்து விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள் வேண்டும். கதவின் அடியில் கட்டை ஒன்றை வாசற்படி போலக் குறுக்கே அடித்தால் கீழ்ச்சந்து இருக்காது.

நல்ல கூண்டு இருந்தும் கோழி போவதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம். சென்னையில் நவம்பரில் 5.40 மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும்; ஜூனில் 6.35 ஆகிவிடும். கோழி அந்தி சாய்ந்ததும் தானாக ஏறிவிடும். மனுஷன்தான் சீரியல் முடியட்டும் என்று இருப்பான். கோழி ஏறிய கால் மணி நேரத்துக்குள் எண்ணிப் பார்த்துத் தாழ்ப்பாள் போட வேண்டும். முருங்கை மரத்தில் ஏறிப் படுக்கும் ஒன்றிரண்டு கோழியை விட்டுவிட்டால், மரநாய்க்கு அது சாப்பாடு. அப்படிப்பட்ட கோழிக்கு ஒரு வாரம் மாலையில் கூண்டுக்குள் மட்டும் தீனி வைத்தால் பழகிவிடும். மிச்சத் தீனியை இரவில் விட்டு வைக்கக் கூடாது. அது எலிக்கு விருந்து.

குட்டிகளும் குஞ்சுகளும்: பகல் அடைப்பு

ஆட்டுக்கு இரவில் பரண். தாய் ஆட்டுக்குத் தலைக்கு 12 சதுர அடி, குட்டிக்கு 4 சதுர அடி என்றால், 2 ஆடு 3 குட்டிக்கு 36 சதுர அடி. 6 அடிக்கு 6 அடி போதும். தரைக்கட்டைகளுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. அதிகம் விட்டால் குட்டியின் குளம்பு சிக்கிக் கால் ஒடியும். ஏறும் சாய்பலகை எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். இரவில் அதை எடுத்துவிட்டால் நாய்க்கு ஏணி இல்லை.

குட்டிக்கு உண்மையான ஆபத்து பகலில்தான். தாய் மேயப் போனதும், குட்டியைக் கயிற்றில் கட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போவது பலரின் வழக்கம். கட்டிய குட்டியால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. இரண்டு நாய்க்கு ஐந்து நிமிடம் போதும். ஊர்ப்பக்கம் குட்டியைப் பெரிய பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார்கள். வீட்டில் ஆள் இருக்கும்வரை அது நல்ல ஏற்பாடு. ஆள் இல்லாத வீட்டில் நாய் பஞ்சாரத்தை முட்டிப் புரட்டிவிடும்.

அதற்குப் பதில் 10 அடிக்கு 10 அடியில் ஒரு பகல் அடைப்பு. வேலி உயரம் ஐந்து அடி. நான்கு அடி வேலியைத் தெருநாய் எம்பித் தாண்டிவிடும். செயின் லிங்க் வலை போதும்; தரையோரம் இரண்டு அடிக்கு மட்டும் அரை அங்குல வெல்டு மெஷ்ஷைச் சேர்த்துக் கட்டினால், கீரிக்கும் வழி அடைபடும்.

பள்ளம் தோண்டிச் சுவர் எழுப்ப வேண்டாம். அதற்குச் செலவு அதிகம். வேலியின் அடியில் இரண்டு அடி அகல வலையை, எல் எழுத்துப் போல மடக்கி, வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கப் பரப்புங்கள். வேலியோடு கட்டுக்கம்பியால் அரை அடிக்கு ஒரு கட்டுப் போட்டு, மேலே மூன்று அங்குலம் மண் மூடுங்கள். நாயும் கீரியும் எப்போதும் வேலியின் அடியில் வந்துதான் பறிக்கும். இரண்டு அடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் தோண்ட அவற்றுக்குத் தோன்றாது. பறித்ததும் நகம் கம்பியில் தட்டும், விட்டுவிடும். நாற்பது அடிச் சுற்றளவுக்கு மூலைகளையும் சேர்த்து 50 அடி நீள வலை வாங்கினால் சரியாக இருக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். ஈரத்தில் துருப்பிடிக்கும் முதல் இடம் அதுதான். துரு பிடித்த பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

குஞ்சு பொரித்த கோழியையும் இதே அடைப்பின் ஒரு மூலையில் விடலாம். முதல் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மேலேயும் வலை வேண்டும். காக்கையும் பருந்தும் அதுவரைதான் தூக்கும். தலைக்கு மேல் கட்டுவது நைலான் வலையாக இருந்தாலும் பரவாயில்லை.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை

முதல் நாள் இரவு ஏழு மணிக்கு, கோழியை ஏற்றும் முன், கூண்டுக்குள் ஒரு விளக்கை வைத்துவிட்டு வெளியே சுற்றி வாருங்கள். வலைக் கண்ணைத் தவிர வேறு எங்கே வெளிச்சம் கோடாகக் கசிகிறதோ, அங்கே கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். விரல் நுழைந்தால் அடைக்க வேண்டும். கதவின் கீல் பக்கமும், ஷீட் சந்திக்கும் மூலையும்தான் பெரும்பாலும் மாட்டும். இந்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

கூண்டைச் சுற்றிப் பூண்டுச் சாறு தெளிப்பது, கந்தகம் தூவுவது, ஆசிட் ஊற்றுவது போன்றவற்றை நம்பி ஓட்டையை விட்டு வைக்கக் கூடாது. பாம்பு அதன் மேலேயே ஊர்ந்து வரும். கூண்டுக்கு மின்சாரக் கம்பி சுற்றுவது நாயைவிட முதலில் வீட்டுக் குழந்தைக்கு எமன்.

இத்தனைக்குப் பிறகும் உள்ளே பாம்பைப் பார்த்தால், கதவை மூடிவிட்டுத் தள்ளி நின்று தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைக்க வேண்டும். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய் கடித்த குட்டி பிழைத்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காயம் சின்னது என்று விட்டால், அது வெறிநாய்க்கடியாகவும் இருக்கலாம். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

கட்டும் முன் நேரில் பார்த்துவிட நினைப்பவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு போகும் வழியில் உள்ள காட்டுப்பாக்கத்துக்குப் போய் வரலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் அங்கே இருக்கிறது. கோழி, ஆடு வளர்ப்புக்குப் பயிற்சியும் தருகிறார்கள்.

ஒரே நேரத்தில் எல்லாம் கட்டப் பணம் இல்லை என்றால், வரிசை இதுதான். முதலில், இன்று மாலையே இரண்டாவது தாழ்ப்பாள். அடுத்து, கூண்டைச் சுற்றிக் கிடக்கும் செங்கல்லையும் விறகையும் அகற்றுவது. மூன்றாவது, கீழே மூன்று அடி உயரத்துக்கு அரை அங்குல வலை. மண்ணில் படுக்கும் வலையும் பகல் அடைப்பும் அடுத்த மாதச் சம்பளத்தில் வரலாம். கட்டிப்போட்ட குட்டியின் கயிற்றை மட்டும் இன்றே அவிழ்த்துவிடுங்கள்.